பதினைந்து பேர் கேட்டால் தமிழ் வகுப்பு

வெளிநாட்டில் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு, தமிழ் வகுப்பு தொடங்கச் சொல்லி ஒரு பெற்றோர் எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா என்று பள்ளியில் கற்ற வரிசை அப்படியே இருக்கும். தமிழின் தொன்மை முதல் பத்தியில் வரும், திருக்குறள் இரண்டாம் பத்தியில் வரும், ஊரில் இருக்கும் ஆயாவோடு பேரப்பிள்ளை பேச முடியாமல் தவிப்பது மூன்றாம் பத்தியில் வரும். ‘ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிந்து, கீழே ஒரே ஒரு கையெழுத்து இருக்கும். ஆத்தூரிலிருந்தோ திருச்செங்கோட்டிலிருந்தோ போன ஒருவர் மனம் கசிந்து எழுதிய கடிதம் அது, அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அதைப் பெறும் தலைமையாசிரியர் அதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வகுப்பு, யார் கற்பிப்பது, எந்த நேரத்தில் என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இல்லை. அவர் நன்றி தெரிவித்து ஒரு பதில் அனுப்புவார், கடிதம் கோப்புக்குள் போய்விடும். தமிழ் வகுப்பைப் பெற்றுத்தருவது மொழியின் பெருமை அல்ல, தலைக்கணக்கு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்தக் கணக்கைச் சேர்க்கக்கூடிய கடிதத்தைத் தமிழில் எழுதத் தெரிந்த பெற்றோர், சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து இனி எத்தனை பேர் கிளம்புவார்கள் என்பது அதோடு ஒட்டிய கவலை.

தலைக்கணக்கைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கும் நாடு மலேசியா. அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பது நமக்குத் தெரியும். அந்தப் பள்ளிகளுக்குப் போகாமல், மலாய் வழித் தேசியப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் தாய்மொழி வகுப்பு கேட்கும் உரிமை உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசியப் பள்ளி என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறது. ஒரு பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், சீனமோ தமிழோ கற்பிக்க அங்கே வசதி செய்தாக வேண்டும். அதே பிரிவில் பழங்குடி மொழிகளுக்கும் பதினைந்து என்ற கணக்கு உண்டு, ஆனால் அதோடு ‘நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால்’ என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. அரபு, ஜப்பான், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளுக்கு வசதி செய்யலாம் என்ற அளவோடு சட்டம் நின்றுவிடுகிறது. சீனத்துக்கும் தமிழுக்கும் மட்டும் எந்தச் சாக்கும் விட்டுவைக்கப்படவில்லை. பதினைந்து சேர்ந்துவிட்டால் தலைமையாசிரியரின் விருப்பம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பதினான்கு பேர் எழுதினால் அது வேண்டுகோள். பதினைந்தாவது பெயர் சேர்ந்ததும் அதே கடிதம் உரிமைக் கோரிக்கையாகிவிடுகிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு பின்கதை உண்டு, அதில் நம் சமவெளிக்கும் பங்கு உண்டு. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இல்தான். அதற்கு முன் அதையும் உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டம், மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் ஒன்று. திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு ஆள்களோடு சேலத்து ஆள்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று அங்கே 1920-களிலேயே தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளிகளின் தரம் மோசம்தான். தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில், ஓய்வு நேரத்தில் கங்காணியோ கணக்குப்பிள்ளையோ பாடம் சொன்ன இடங்களும் அவற்றில் இருந்தன. ஆனால் மொழியைக் கேட்பதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு, அந்த எண்ணிக்கை சேர்ந்தால் எதிர்த்தரப்புக்குக் கடமை வந்துவிடும் என்ற எண்ணம் அந்த மண்ணில் அப்போதே ஊன்றிவிட்டது. விடுதலைக்குப் பின் 1961-இல் வந்த கல்விச் சட்டமும் அதன் பின் வந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் பதினைந்து என்ற எண்ணைக் கைவிடாமல் வைத்திருப்பதை இந்தத் தொடர்ச்சியில்தான் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையை எப்படி எண்ணுவது என்பதில்தான் பல முயற்சிகள் தடுக்கி விழுகின்றன. சட்டம் சொல்வது பதினைந்து பெற்றோர் அல்ல, பதினைந்து மாணவர்களின் பெற்றோர். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தால் அந்த ஒரு கையெழுத்து மூன்றுக்குச் சமம். ஆகவே ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்தாலே போதும் என்ற நிலை இருக்க, பதினைந்து குடும்பங்களைத் தேடி அலைந்து ஓய்ந்துபோவது வீண். அடுத்த சிக்கல், அந்தப் பதினைந்தும் ஒரே வகுப்பில் இருக்காது. ஒன்றாம் வகுப்பில் நான்கு, மூன்றாம் வகுப்பில் இரண்டு, ஆறாம் வகுப்பில் ஐந்து என்று சிதறிக்கிடக்கும். ஆறாம் வகுப்பின் ஐந்து பேரும் ஆண்டு முடிவில் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டால் கணக்கு பத்துக்கு இறங்கிவிடும். எண்ணிக்கை குறைந்த பிறகு வகுப்பு தொடருமா என்பது பள்ளியின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததாகிவிடும். ஆகவே கணக்குத் தெரிந்த பெற்றோர் பட்டியலைக் கீழ் வகுப்புகளிலிருந்து தொடங்குவார்கள். ஒன்றிலும் இரண்டிலும் படிக்கும் பிள்ளைகள் எட்டுப் பேர் இருந்தால் அந்த எட்டும் குறைந்தது நான்கு ஆண்டு கணக்கில் நிற்கும். அதே பட்டியலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே நிறைந்திருந்தால், ஆசிரியர் வந்து சேர்வதற்குள் கேட்டவர்கள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். நேரமும் அப்படித்தான். மொழி வகுப்பைப் பள்ளி முடிந்த பிறகு போட்டால், பள்ளிப் பேருந்தில் வீடு திரும்பும் பிள்ளை வர முடியாது. முதல் மாதம் பதினைந்தாக இருந்த வருகை மூன்றாம் மாதம் ஆறாகிவிடும். பிறகு ஆர்வம் இல்லை என்று பதிவேட்டில் எழுதப்படும். உண்மையில் குறைந்தது ஆர்வம் அல்ல, பேருந்து வசதி.

மலேசியத் தமிழர்கள் நான்கைந்து தலைமுறையாக அந்த நாட்டுக் குடிமக்கள். இன்று ராசிபுரத்திலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ கணினி வேலைக்குப் போகும் இளம் பெற்றோரின் நிலை வேறு, அதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு சுவீடன். அந்த நாடு 1977-லேயே வீட்டுமொழிக் கல்வியைப் பொதுப்பள்ளிக்குள் கொண்டுவந்தது. வீட்டில் சுவீடிஷ் அல்லாத மொழி பேசும் பிள்ளைக்கு, பொதுச் செலவில், பள்ளி நிர்வாகம் நியமிக்கும் ஆசிரியரைக் கொண்டு தாய்மொழி வகுப்பு கேட்கலாம். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒரே மொழியைக் கேட்பவர்கள் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும், தகுந்த ஆசிரியர் கிடைக்க வேண்டும். மேல் வகுப்புகளில் அந்தப் பாடத்துக்குத் தரமதிப்பீடு உண்டு, அது மற்றப் பாடங்களோடு சான்றிதழில் ஏறும். இப்போது, ராசிபுரத்துக் குடும்பம் ஒன்று ஸ்டாக்ஹோம் புறநகரில் குடியேறி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குத் தமிழ் வகுப்பு கேட்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா பள்ளிக்குக் கடிதம் எழுதுகிறார். இந்தப் பள்ளியில் தமிழ் கேட்கும் பிள்ளை உங்கள் மகள் ஒருத்திதான் என்று பதில் வருகிறது. பெரும்பாலான குடும்பங்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். ஆனால் ஐந்து என்ற கணக்கு ஒரு பள்ளிக்குள் எண்ணப்படுவதே இல்லை. நகராட்சி நடத்தும் பள்ளிகள் அனைத்துக்கும் சேர்த்து எண்ணப்படுகிறது. நான்கு தெரு தள்ளி ஒரு பள்ளியிலும், ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி இன்னொரு பள்ளியிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களின் பெற்றோரும் தனித்தனியே எழுதி, தனித்தனியே இதே பதிலை வாங்கி வைத்திருப்பார்கள்.

அந்த அம்மா அடுத்து செய்ய வேண்டியது நான்கு பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது. அவர்களில் சிலரேனும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நம்மவர் போவதற்கு முன்பே அங்கே வேர்விட்டவர்கள் அவர்கள். ‘எங்கட பிள்ளையள்’ என்று பேசும் வீடும் ‘வாங்க கண்ணு, சாப்டீங்களா’ என்று பேசும் வீடும் சட்டத்தின் கணக்கில் ஒரே மொழி. பேச்சு வேறு, நம் பிள்ளை கெட்டுப்போகும் என்று இரு தரப்பும் தனித்தனியாக நின்றால், மூன்றும் நான்குமாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஐந்து சேராமல் போகும். இன்னொரு வழுக்கல் இருக்கிறது. சில ஆண்டுகளில் நாடு மாற வேண்டியிருக்கும் என்று நம் குடும்பங்கள் ஆங்கிலவழித் தனியார் நிர்வாகப் பள்ளிகளை நாடுவதுண்டு. அந்தப் பள்ளி வேறு நிர்வாகம் என்பதால் அங்கே படிக்கும் பிள்ளை நகராட்சிக் கணக்கில் வராது, அந்த நிர்வாகத்தின் பள்ளிகளுக்குள்தான் எண்ணப்படும். ஒரே அடுக்கு மாடியில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தும் எங்கும் ஐந்து சேராமல் போவது இப்படித்தான். கடிதம் எழுதும் முன் யார் பிள்ளை எந்த நிர்வாகத்தின் பள்ளியில் படிக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

ஆனால் சுவீடன் சட்டத்தில் அந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையை உலுக்குகிறது. தாய்மொழி வகுப்பு கேட்கும் பிள்ளைக்கு அந்த மொழி வீட்டில் அன்றாடப் புழக்கத்தில் இருக்க வேண்டும், பிள்ளைக்கு அந்த மொழியில் அடிப்படை அறிவும் இருக்க வேண்டும். அங்கே சிறுபான்மையாக அங்கீகரிக்கப்பட்ட ஃபின்னிஷ், சாமி முதலிய மொழிகளுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அவற்றை ஒரு பிள்ளை கேட்டாலும் போதும், அடியிலிருந்து தொடங்கலாம். குடியேறியவர்களின் மொழிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதாவது, வீட்டில் தமிழ் பேசுவதை விட்டுவிட்டுப் பள்ளியில் கற்றுக்கொடுங்கள் என்று கேட்க முடியாது. அப்பா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடு இந்த நிபந்தனையின் விளிம்பில் நிற்கிறது. அப்பாவும் ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கிவிட்ட வீடு வெளியே போய்விட்டது. சேலத்துக்காரர்கள் வெளிநாடு போன பிறகு வீட்டுமொழியை விட்டார்கள் என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. சேலத்தில் இருக்கும்போதே, பிள்ளைக்குப் பள்ளியில் சேர நேர்முகம் இருக்கிறது என்று மூன்று வயதில் ஆங்கிலத்துக்கு மாறிய வீடுகள் ஐந்து ரோட்டைச் சுற்றியும் உண்டு, பரமத்தி சாலையிலும் உண்டு. அந்தப் பழக்கத்தோடுதான் விமானம் ஏறுகிறார்கள்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். சுவீடன் அதிகாரிக்கோ மலாய்த் தலைமையாசிரியருக்கோ தமிழ் தெரியாது. பிறகு கடிதத்தைத் தமிழில் எழுதுவானேன், அந்த நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்ததே என்று கேட்கலாம். அதிகாரிக்குப் போகும் படி அந்நாட்டு மொழியில்தான் இருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கடிதத்துக்கு வாசகர்கள் இரண்டு வகை. ஒருவர் அதைப் பெற்று முத்திரை குத்துபவர். மற்றவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டிய பதினைந்து பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள், சில வீடுகளில் தாத்தா பாட்டிகள். பதினைந்தைச் சேர்ப்பவர்கள் இந்த இரண்டாம் வகையினர். மலாயில் எழுதிய தாளை நீட்டினால் பெரியவர்கள் என்ன ஏது என்று தயங்குவார்கள். சுவீடிஷில் எழுதிய தாள், ஊருக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்குப் புரியவே புரியாது. எந்த நாளில் வகுப்பு, பிள்ளைக்குக் கூடுதல் பாரமா, கட்டணம் உண்டா, இடையில் நிறுத்தலாமா என்று தமிழில் தெளிவாக எழுதிய ஒரு பக்கம்தான் வாட்ஸ்அப் குழுவில் கைமாறி ஆள் சேர்க்கும். அது மட்டுமல்ல, வீட்டில் தமிழ் புழங்குகிறது என்று அதிகாரியிடம் சொல்வதற்குத் தமிழிலேயே எழுதி, மொழிபெயர்ப்பையும் இணைத்துக் கொடுத்த கடிதத்தைவிட நல்ல சான்று வேறு என்ன இருக்க முடியும்?

சரி, அந்தத் தமிழ்ப் பக்கத்தை எழுதப்போவது யார்? இதைக் கொஞ்சம் கணக்குப்போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது 2006-இல். அது எல்லா வகுப்புகளுக்கும் ஒரே நாளில் வரவில்லை. 2006-07-இல் ஒன்றாம் வகுப்பு, அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பு என்று படிப்படியாக ஏறி, 2015-16-இல்தான் பத்தாம் வகுப்பை எட்டியது. அதற்கு முன் பத்தாம் வகுப்பை முடித்தவர்கள், மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்திருந்தால், தமிழைத் தொடாமலே இந்தியோ பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்து வெளியே வந்திருக்க முடியும். ஏறக்குறைய 1999-இலும் அதற்கு முன்பும் பிறந்தவர்கள் அவர்கள். இன்று வெளிநாட்டில் பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரின் வயதைப் பாருங்கள், இதே தலைமுறைதான். மத்திய வாரியப் பள்ளிகளுக்கு இந்தக் கட்டாயம் 2015-16-இல் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கியது என்பதால், அங்கே படித்தவர்களின் நிலை இன்னும் பின்தங்கியது. கிராமத்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வெளிநாடு போனவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதுவார்கள். ஆனால் இந்தச் சமவெளியில் வசதி வந்த வீடுகள், லாரித் தொழிலோ ரிக் வண்டியோ கோழிப்பண்ணையோ கைகொடுத்ததும், பிள்ளையை முதலில் மாற்றியது பள்ளிக்கூடத்தைத்தான். வெளிநாட்டுக் கனவுக்குப் பணம் கட்ட முடிந்த வீடுகளும் அவைதான்.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளை அந்தச் சட்டம் இன்றும் தொடவில்லை. மேல்நிலையில் முதல் தாளுக்கு எந்த மொழி என்பது மாணவர் விருப்பம். எழுத்துக் கூட்டுவதிலிருந்து தொடங்கும் பிரெஞ்சில் இரண்டே ஆண்டில் முழு மதிப்பெண் பக்கம் போய்விடலாம், தமிழில் செய்யுளும் இலக்கணமும் மதிப்பெண்ணைத் தின்றுவிடும் என்ற கணக்குப் பெற்றோருக்குத் தெரியும். விடுதியோடு கூடிய மேல்நிலைப் பள்ளிகளுக்கு நாமக்கல் பேர்போனது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளில் பரவி, அதைத் தடுக்க அரசு 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டிவந்தது. பாடத்தையே மதிப்பெண்ணுக்காகத் தாண்டும் சூழலில் மொழியைத் தாண்டுவது பெரிய காரியமே அல்ல. பிரெஞ்சு படித்தவர்களில் எத்தனை பேர் இன்று பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதுவார்கள் என்று கேட்டால், அதற்கும் நல்ல பதில் கிடைக்காது. தமிழும் எழுத வராமல், எடுத்த மொழியும் தங்காமல் ஒரு தலைமுறை தேர்வில் மட்டும் தேறி வந்திருக்கிறது. அவர்கள் தமிழ் பேசுவார்கள், திரைப்படம் பார்ப்பார்கள், தமிழை உயிராகவும் நேசிப்பார்கள். குழுவில் செய்தி போடும்போது ஆங்கில எழுத்தில் தமிழைப் போடுவார்கள். பள்ளிக்குக் கொடுக்கும் ஒரு பக்கத்தைச் சந்தியோடும் நிறுத்தற்குறியோடும் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

அவர்கள் அப்படிப் படித்ததால்தானே வெளிநாட்டு வேலையே கிடைத்தது என்பார்கள். வேலையைத் தந்தது ஆங்கிலமும் கணக்கும், பதினோராம் வகுப்பில் எடுத்த பிரெஞ்சு அல்ல. தமிழை முதல் தாளாக எழுதிவிட்டு அதே வேலைக்குப் போனவர்கள் அதே அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கிறார்கள். அதெல்லாம் எதற்கு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப்பள்ளி ஊருக்கு ஊர் இருக்கிறதே, தன்னார்வலர்கள் அருமையாக நடத்துகிறார்களே என்று இன்னொரு தரப்பு சொல்லும். அருமைதான், அவர்கள் இல்லாவிட்டால் பல ஊர்களில் தமிழ் எழுத்தே பிள்ளைகள் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் ஞாயிறு வகுப்பு நீச்சலோடும் பிறந்தநாள் விழாக்களோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது. பள்ளி அட்டவணையில் ஏறிய மொழிக்கு அந்தப் போட்டி இல்லை. மதிப்பீடு சான்றிதழில் ஏறும் பாடத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எளிதில் விட்டுவிடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1977-இல் மரபுமொழித் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளி வாரியங்களுக்கு அப்போது அது விருப்பம்தான். போதிய எண்ணிக்கையில் பெற்றோர் எழுத்தில் கேட்டால் வகுப்பு வைத்தே ஆக வேண்டும் என்று 1989-இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். தன்னார்வத்துக்கும் உரிமைக்கும் இடையே உள்ள தூரம் பன்னிரண்டு ஆண்டு வாதாட்டம் என்று கொள்ளலாம்.

பிறர் வரிப்பணத்தில் நம் மொழியா என்று கேட்பவர்கள் அந்நாடுகளிலேயே இருக்கிறார்கள், அவர்களே ஆட்சிக்கு வருவதும் உண்டு. டென்மார்க் 2002-இல், ஐரோப்பிய வட்டத்துக்கு வெளியே இருந்து வந்த பிள்ளைகளின் தாய்மொழி வகுப்புக்கு நகராட்சிகள் பொறுப்பு என்ற கடமையை எடுத்துவிட்டது. நெதர்லாந்து 2004-இல் அத்தகைய வகுப்புகளுக்கான அரசு நிதியை நிறுத்தியது. சுவீடனிலேயே ஐந்து பேர் வேண்டும் என்ற வரம்பு தொடக்கத்தில் இல்லை, 1990-களின் சிக்கன காலத்தில் சேர்ந்தது. கேட்கும் உரிமை நிரந்தரம் அல்ல. கேட்போர் எண்ணிக்கை குறையும்போது அதை எடுத்துவிடுவதும் எளிதாகிறது. அதனால்தான் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் வெளியே கேட்கும் இதே உரிமையை உள்ளே பிறருக்குக் கொடுக்கிறோமா என்பதும் கூடவே வரும் கேள்வி. 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு விதி வகுத்தது. ஒரு வகுப்பில் பத்துப் பேரோ, பள்ளி முழுவதிலும் நாற்பது பேரோ வேறு மொழி பேசுபவர்களாக இருந்தால், தொடக்க நிலையில் அவர்கள் மொழியில் கற்பிக்க ஏற்பாடு வேண்டும் என்பது அந்த விதி. தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-அ பிரிவும் சேர்ந்தது. சேலத்துத் தறிவீடுகளில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் தலைமுறைகளாகப் புழங்குகின்றன. நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் செங்கல் சூளைகளிலும் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களில் ஓர் அப்பா ஒடியாவில் ஒரு கடிதம் எழுதி நம் தலைமையாசிரியரிடம் நீட்டினால், ஸ்டாக்ஹோமில் நாம் எதிர்பார்க்கும் மரியாதை அதற்கும் கிடைக்க வேண்டும்.

வேலைக்கு ஆகும் கடிதம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். அதில் தொன்மைக்கு ஒரு வரி போதும். ‘எங்கள் நகராட்சிப் பள்ளிகளில் படிக்கும் ஏழு பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டுகிறோம். பெயர், வகுப்பு, பள்ளி விவரம் இணைப்பில் உள்ளது. ஏழு பேர் வீட்டிலும் தினசரிப் பேச்சு தமிழ். நால்வர் பேசுவார்கள், எழுத்து தெரியாது. இருவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். ஒருவர் சரளமாகப் படிப்பார்’ என்று தொடங்கினால் அதிகாரியின் முதல் கேள்விகள் தீர்ந்துவிடும். நிலையைப் பிரித்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் எழுத்தே தெரியாத ஆறு வயதுப் பிள்ளையையும் கதைப்புத்தகம் படிக்கும் பதினொரு வயதுப் பிள்ளையையும் ஒரே பலகையின் முன் உட்காரவைத்தால் ஒரு பருவத்துக்குள் இருவருமே நின்றுவிடுவார்கள். அடுத்த பத்தியில் நேரம்: எந்த நாள், பள்ளி விட்ட எத்தனை நிமிடத்துக்குள், எந்தப் பள்ளியில் கூடினால் எல்லோராலும் வர முடியும். அதற்கடுத்து ஆசிரியர். தகுந்த ஆள் இல்லை என்பதுதான் மறுப்பதற்கு எளிதான காரணம் என்பதால், ஊரில் ஆசிரியர் பயிற்சி முடித்து அங்கே குடியேறியிருப்பவர் யாரேனும் இருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரைக் கடிதத்திலேயே தர வேண்டும். அடுத்த கல்வியாண்டின் ஆசிரியர் பணி ஒதுக்கீடு முடிவதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். வகுப்பு தொடங்கிய பிறகு போனால், அது அதற்கும் அடுத்த ஆண்டுக் கடிதம்.

இப்படி ஒரு பக்கம் எழுதத் தேவைப்படும் தமிழ் பெரிய தமிழ் அல்ல. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் கடிதம் எழுதும் கேள்வியை ஒழுங்காக எழுதியவரிடம் அது இருக்கிறது. பேருந்து நிறுத்தம் கேட்டு, நூலகம் கேட்டு, தெருவிளக்கு கேட்டு எழுதிப் பழகும் அந்தப் பயிற்சியில் வாதமும் விவரமும் கோரிக்கையும் எல்லாமே அடக்கம். அதைச் சேலத்துப் பள்ளிகள் மாதிரிக் கடிதத்தை மனப்பாடம் செய்யவைத்து ஒப்பேற்றாமல், உண்மையான ஒரு தேவைக்கு உண்மையான ஒரு அலுவலகத்துக்கு எழுதவைத்தால் நல்லது. மேல்நிலை முதல் ஆண்டுச் சேர்க்கைப் படிவத்தில் முதல் மொழி என்ற கட்டத்தை நிரப்பும் பெற்றோர், மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிரப்பாமல் இருந்தால் இன்னும் நல்லது.